ஓடாவியார் கேட்ட முற்பணம்

காணி வாங்கும்போதும், திருவிழாவுக்கு மேளக்காரரை ஒழுங்கு செய்யும்போதும் அச்சாரம் கொடுப்பதை எம்மவர் எவரும் குறையாக எண்ணுவதில்லை. கொடாதவரைத்தான் ஐயத்தோடு பார்ப்பர். ஆயின், ஓர் அலுமாரிக்கோ கதவுக்கோ ஓடாவியார் முற்பணங் கேட்டால் மட்டும் பலருக்கு முகம் சுருங்கிவிடுகின்றது. "எங்களை நம்பவில்லையா? நாங்கள் எங்கே ஓடிவிடப்போகிறோம்?" என்பார்கள். ஓடிவிடாத மனிதருக்கும் மனம் மாறுவதுண்டு. வீட்டின் திட்டம் மாறுவதுண்டு. பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம் பிந்துவதுண்டு. அப்போது அறுத்த மரம் என்ன ஆவது?

இவ்வினாவுக்கு விடையை யாம் ஒரு பட்டறையின் மூலையிற் கண்டோம். எமது புத்தகங்களுக்கு அலுமாரி ஒன்று செய்விப்பதற்காகச் சென்றிருந்தபோது, அங்கே சாக்கினால் மூடப்பட்ட இரட்டைக் கதவு ஒன்று சுவரிற் சாய்ந்திருந்தது. நல்ல வேலைப்பாடு. 7 அடி 4 அங்குல உயரமும், 3 அடி 5 அங்குல அகலமும் உடையது. பழைய வீடொன்றின் வாசலுக்கென அளவெடுத்துச் செய்தது. உரியவர் பின்னர் அவ்வாசலையே இடித்துப் பெருப்பித்து, இரும்புக் கதவு போட்டுவிட்டாராம். முற்பணம் ஒரு சதமும் வாங்கியிருக்கவில்லை. அந்த அளவுக்கு வாசல் வைத்த வீடு வேறெங்கும் இல்லை. வெட்டிச் சிறிதாக்கலாமென்றாலோ, சட்டங்களின் பொருத்துகள் விளிம்பிலேயே இருப்பதால் வெட்டியவுடன் கதவு கழன்றுவிடும். கடைக்குச் செய்த நாற்காலியை ஒருவர் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார். அளவெடுத்துச் செய்த பொருளுக்கோ உலகத்தில் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் இருக்கின்றார்.

அக்கதவைக் காட்டி அந்த ஓடாவியார் எம்மிடம் அழவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். "மாஸ்ரர், குறை நினையாதேங்கோ. எவ்வளவு கேக்கிறன் எண்டதைவிட ஏன் கேக்கிறன் எண்டதைப் பாருங்கோ" என்றார். அந்தத் தாள் எமக்கு மிகவும் பிடித்துவிட்டது. கணக்கைக் காட்டிக் கேட்கும் முற்பணத்தில் கூச்சத்துக்கு இடமே இல்லை.

எமது வரவேற்பறையில் இரு தூண்களுக்கிடையே 5 அடி 2 அங்குல வெளி உண்டு. அங்கே பொருந்துமாறு 5 அடி அகலமும், 7 அடி உயரமும், 1 அடி ஆழமும் உடைய அலுமாரி வேண்டும். பக்கப் பலகை இரண்டும் நடுப்பலகை ஒன்றும் சேர்ந்து 21 சதுர அடி. மேல், கீழ்ப் பலகைகளும் இடைத்தட்டு நான்கும் 30 சதுர அடி. ஓரங்குலத் தடிப்பில் இந்த 51 சதுர அடியும் 4¼ கன அடியாகும். கதவுச் சட்டங்களையும், சீவிக் கழியும் மரத்தையும் சேர்த்து 6 கன அடி மகோகனி வேண்டுமென்றார். மரத்துக்கு 48,000 ரூபா, முதுகுக்கு ஒட்டுப்பலகை 12,000, கண்ணாடி, பிணைச்சல், பூட்டு, பொலிஷ் ஆகியன 15,000, கூலி 45,000. ஆகமொத்தம் 120,000 ரூபா.

அவர் முதலிற் கேட்டது 60,000. மொத்தத்திற் பாதி என்று தோன்றும். உண்மையில் அது மரமும் ஒட்டுப்பலகையும் மட்டுமே. மறுநாளே கடையிற் கொடுக்கவேண்டிய பணம் அது. கண்ணாடியும் பூட்டும் பின்னர் வேண்டியவை. அவற்றுக்கு இப்போது பணம் கேட்கவில்லை. அலுமாரி பொருத்தப்பட்டு, பொலிஷ் பூசுமுன் யாம் வந்து பார்த்தபின் 30,000. வீட்டில் நிறுத்தியபின் 30,000.

இதில் இருபக்க நட்டத்தையும் பாருங்கள். பலகை அறுத்தபின் யாம் மனம் மாறினால், அவருக்குச் சில நாட் கூலி போகும். ஆனால் மரக்கடையில் அவர் கடன்காரர் ஆகார். அவர் வேலையைக் கைவிட்டால் எமது இழப்பு 60,000க்கு மேற் செல்லாது. அதற்கும் ஈடாகப் பலகை உண்டு. பொலிஷ் பூசுமுன் தடிப்புக் குறைந்திருக்கிறதா, தட்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். பூசியபின் எல்லாப் பலகையும் அழகாகவே தோன்றும்! கடைசி 30,000 எம்மிடம் இருக்கும்வரை அவருக்கும் வேலையை முடிக்கும் அவசரம் இருக்கும். முழுப்பணத்தையும் முன்னரே கொடுக்கும் பெருந்தன்மையை யாம் மெச்சுவதில்லை. அது வேலையாளையும் சோதனைக்கு உள்ளாக்குவதாகும்.

பணத்தோடு பற்றுச்சீட்டும் வேண்டும். எமது சீட்டில் மரத்தின் பெயர், தடிப்பு, மூன்று அளவுகள், தட்டுகளின் எண்ணிக்கை, முடிக்கும் நாள், மூன்று தவணைகள், யாம் கைவிட்டால் முதற்றவணை திருப்பித் தரப்படாது என்பது, அவர் கைவிட்டால் பணமோ பலகையோ எமக்கு உரியது என்பது ஆகிய யாவும் இருந்தன. இருவரும் ஒப்பமிட்டோம். எமது நாட்டின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் இதனோடு ஒத்தே செல்கின்றது. பொருளை விற்கும் உடன்படிக்கை வெறும் வாய்ப்பேச்சாக நின்றால் அதைக்கொண்டு வழக்காட முடியாது. பொருளில் ஒரு பகுதியைப் பெற்றிருக்கவேண்டும், அல்லது விலையில் ஒரு பகுதியைக் கொடுத்திருக்கவேண்டும், அல்லது ஒப்பமிட்ட எழுத்து இருக்கவேண்டும். நீதிமன்றத்துக்குப் போக எவர்க்கும் விருப்பமில்லை. எனினும் இதனை அறிந்திருப்பது நன்று.

முற்பணம் வாங்கியவர்களாற் கெட்டவர்களும் உண்டு. பெரும்பாலும் அது திருட்டன்று, சங்கிலி. முதல் வாடிக்கையாளரின் பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிட, அவருடைய மரத்தை இரண்டாமவரின் முற்பணத்தில் வாங்குவார். இரண்டாமவரின் மரத்துக்கு மூன்றாமவர் வரவேண்டும். வேலை வரும்வரை சங்கிலி ஓடும். வேலை குறைந்த மாதத்திற் கடைசியில் நிற்பவர் அகப்படுவார். இதனை அறிவதற்கு ஒரே வழி, பணம் கொடுத்த ஒரு வாரத்திற்குள் பட்டறைக்குப் போய் உமது பலகையைக் காட்டச் சொல்வது. பலகையைக் காணுமுன்னரே இரண்டாந்தவணை கேட்கப்பட்டால் விழிப்படைக. எமது ஓடாவியார் ஆறாம் நாளே எம்மை அழைத்து, பலகைகளின் முனையில் எமது பெயரின் முதலெழுத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதிக் காட்டினார்.

உடனே மரம் வாங்குவதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ரூபா சரிந்தபோது, 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. இறக்குமதியான ஒட்டுப்பலகையும் பிணைச்சலும் விலையேறின. பழைய விலைக்கு ஒப்புக்கொண்டு, சாமான் வாங்காமல் இருந்தவர்கள் இரண்டே வழி கண்டனர்: கைப்பணம் இழப்பது, அல்லது வாடிக்கையாளரோடு சச்சரவிடுவது. முற்பணத்தைப் பெற்ற மறுநாளே பொருளாக்கியவருக்கு அந்தத் தொல்லை இல்லை. இதனாலேயே எமது சீட்டில், கண்ணாடிக்கும் பூட்டுக்கும் மட்டும் வாங்கும் நாளின் விலை என்று தனியே குறித்திருந்தார். அவை சிறுதொகையாகையால் யாமும் மறுக்கவில்லை.

அலுமாரி குறித்த நாளுக்கு நான்கு நாட் பிந்தி வந்தது. மாரிகாலத்திற் பொலிஷ் உலரவில்லையாம். தூண்களுக்கிடையே நிறுத்தியபோது வலக்கதவு கீழே சிறிது உரசிற்று. மீதிப் பணத்தை எடுத்துவர யாம் உள்ளே சென்றோம். திரும்பி வந்தபோது அவர் கதவைக் கழற்றிப் படியில் வைத்துச் சீவுளியிட்டுக்கொண்டிருந்தார். "இருங்கோ மாஸ்ரர், இது சரிவரட்டும், பிறகு தாருங்கோ" என்றார்.