இரண்டு ஸ்வரத்தில் ஒரு கார்ட்

ஹார்மனி வகுப்பில் சேருபவர்களுக்கு முதல் பெரிய வீட்டுப்பாடமாக நான் கொடுப்பது, ஜி மேஜரில் இருக்கிற அந்தச் சின்ன மினுவெட்டைத்தான். பியானோ படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் அதைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. பாக் எழுதியது என்றுதான் வெகுகாலம் அச்சிட்டார்கள். அவருடைய மனைவி அன்னா மாக்டலேனாவின் 1725ஆம் வருடத்து நோட்டுப் புத்தகத்தில் அது இருந்ததால் வந்த குழப்பம் அது. டிரெஸ்டன் நகரத்து ஆர்கன் கலைஞர் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட் எழுதியது என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். மொத்தம் 32 பார். ஒவ்வொரு பாருக்கும் கீழே ரோமன் எண்ணில் கார்டை எழுத வேண்டும், கேடன்ஸ் வரும் இடங்களைக் குறிக்க வேண்டும். கேள்வி அவ்வளவுதான்.

பார்த்த உடனே எல்லோருக்கும் எளிதாகப் படும். வாசிக்க எளிது என்பது உண்மை. ஆனால் கார்ட் எழுதுவதற்கு, நான்கு குரலில் நிரப்பி எழுதிய ஒரு பாக் கோராலைவிட இது சங்கடமானது. கோராலில் மூன்று ஸ்வரமும் கண்முன்னே அடுக்கியிருக்கும், எண்ணிப் பெயர் வைத்துவிடலாம். இங்கே முதல் பாரின் தொடக்கத்தில் இடது கையில் ஜி, பி, டி மூன்றும் ஒன்றாக விழுவதோடு அந்தச் சலுகை முடிந்தது. அதற்குப் பிறகு பெரும்பாலும் கீழே ஒரு குரல், மேலே ஒரு குரல். கார்டுக்கு மூன்று ஸ்வரம் வேண்டும், கேட்பதோ இரண்டு. மூன்றாவது எது என்பதைத்தான் மாணவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

முதல் நான்கு பாரில் தகராறு இல்லை. முதலாவது I. இரண்டாவதில் கீழே பி, மேலே டி-யும் ஜி-யும். அதே ஜி கார்ட்தான், ஆனால் அடியில் மூன்றாம் ஸ்வரம் நிற்கிறது, ஆகவே I6. அந்த ஆறு, கீழே உள்ள பி-யிலிருந்து ஜி ஆறாவது ஸ்வரம் என்பதைச் சொல்கிறது. பெட்ஸோல்ட் காலத்து வாத்தியக்காரர்கள் பேஸ் வரிக்கு மேல் இப்படி எண் போட்டுத்தான் வாசித்தார்கள். அடியில் எந்த ஸ்வரம் இருந்தாலும் கார்ட் ஒன்றே என்று ராமோ பிரான்ஸில் புத்தகம் போட்டது 1722இல். ரோமன் எண் போடும் வழக்கம் பரவியது அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், காட்ஃப்ரீட் வெபர் கையால். நாம் எழுதும் I6 இந்த இரண்டு வழக்கமும் ஒட்டிக்கொண்டு வந்தது. பெட்ஸோல்டிடம் காட்டினால் ஆறு புரியும், I புரியாது.

மூன்றாவது பாரில் கீழே சி, மேலே ஈ, சி, டி, ஈ, எஃப் ஷார்ப். இது IV. எஃப் ஷார்ப்பைக் கண்டதும் சிலர் பயந்து வேறு ஏதோ எழுதுகிறார்கள். அது ஈ-யிலிருந்து அடுத்த பாரின் ஜி-க்கு ஏறுகிற வழியில் மிதித்த படி மட்டுமே. தட்டில் விழுகிற சி-யும் ஈ-யும்தான் கணக்கு. நான்காவது மறுபடி I6.

ஐந்தாவது பாரில்தான் விஷயம் இருக்கிறது. கீழே பார் முழுவதும் ஏ. மேலே சி, பிறகு டி, சி, பி, ஏ என்று இறங்குகிறது. உறுதியாகக் கையில் கிடைப்பது ஏ-யும் சி-யும். இந்த இரண்டுக்கும் ஜி மேஜரில் இரண்டு வீடு உண்டு. மூன்றாவதாக ஈ-யைச் சேர்த்தால் ii. எஃப் ஷார்ப்பைச் சேர்த்தால் vii°6. ஈ-யும் இல்லை, எஃப் ஷார்ப்பும் இல்லை. பத்தில் எட்டுப் பேர் ii என்று எழுதுவார்கள், அடியில் ஏ இருப்பதால். அடியில் இருப்பதே வேர் என்று கை பழகியிருக்கிறது.

நான் தவறு என்று கோடு போடுவதில்லை. அடுத்த பாரைப் பார்க்கச் சொல்வேன். ஆறாவதில் கீழே ஜி, மேலே பி. சந்தேகமில்லாத I. இந்தப் பாணி இசையில் ii தன் போக்கில் V-க்குப் போகும், அங்கிருந்துதான் I-க்கு வரும். நேராக I-க்கு வந்து உட்காருவது அபூர்வம். vii°6 அப்படி இல்லை, I-க்குப் போவதே அதன் வேலை. ஆனாலும் இது வழக்கத்தை வைத்துச் சொல்கிற வாதம். சாட்சி வேண்டுமென்றால் 13ஆம் பாருக்குப் போக வேண்டும்.

ஒன்பதாம் பாரிலிருந்து அதே மெட்டு திரும்ப வருகிறது, வலது கையில் அச்சு அசலாக. 13ஆம் பார் ஐந்தாம் பாரின் மறுபதிப்பு. ஆனால் இடது கையைப் பாருங்கள். முன்பு பார் முழுதும் நின்ற ஏ, இம்முறை இரண்டு தட்டு மட்டும் நிற்கிறது. மூன்றாவது தட்டில் எஃப் ஷார்ப்புக்கு இறங்கி, அங்கிருந்து அடுத்த பாரின் ஜி-க்கு ஏறுகிறது. முதல் தடவை சொல்லாமல் விட்ட மூன்றாவது ஸ்வரத்தை எழுதியவரே வாய் திறந்து சொல்லிவிட்டார். ஆக ஐந்தாவதும் அந்தக் குடும்பம்தான் என்று எழுதுவதில் நியாயம் இருக்கிறது. நடுவில் வரும் டி-யையும் கார்டில் சேர்த்துக்கொண்டு V7-இன் ஒரு தலைகீழ் வடிவம் என்று ஒருவர் எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. vii°6-க்கும் V7-க்கும் வித்தியாசம் அந்த ஒரு டி மட்டுமே, வேலை ஒன்று. ii மட்டும் வேறு வேலை செய்கிற கார்ட்.

அடுத்த தொல்லை கேடன்ஸ். V-யிலிருந்து I வந்த இடமெல்லாம் பெர்ஃபெக்ட் கேடன்ஸ் என்று குறித்து வருகிறவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் ஏழாம் பாரின் முதல் தட்டில் டி-யும் எஃப் ஷார்ப்பும், அதாவது V. இரண்டாம் தட்டிலேயே I6. அங்கே ஒன்று குறிக்க வேண்டியிருக்கும். கேடன்ஸ் என்பது கார்ட் ஜோடி மட்டுமல்ல, வாக்கியம் முடிகிற இடம். இந்த மினுவெட்டில் அதைக் கண்டுபிடிக்கக் காதுகூட வேண்டாம், கண்ணே போதும். 8, 16, 24, 32 ஆகிய பார்களில் வலது கை மூன்று தட்டும் ஒரே ஸ்வரத்தில் நிற்கிறது. மற்ற இடங்களில் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

எட்டாம் பாரில் நிற்பது மேலே ஏ, கீழே டி. எஃப் ஷார்ப் இல்லை, இருந்தாலும் V என்பதில் குழப்பம் வராது. ஏழாம் பாரின் கடைசித் தட்டு I, அங்கிருந்து V-க்கு வந்து நின்றதால் இம்பெர்ஃபெக்ட் கேடன்ஸ். லண்டன் தேர்வுப் புத்தகங்களின் பெயர் இது. அமெரிக்கப் புத்தகம் வைத்துப் படிப்பவர் ஹாஃப் கேடன்ஸ் என்று எழுத வேண்டும், ஏனென்றால் அங்கே இம்பெர்ஃபெக்ட் என்றால் முழுதாக அமராத V–I. இரண்டு புத்தகத்தையும் கலந்து படித்தவர்கள் இந்த ஒரு சொல்லில் மதிப்பெண் இழப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அதே பாரில் இடது கை டி-யில் நின்றுவிட்டு, கீழ் டி-யைத் தொட்டு, சி, பி, ஏ என்று ஓடுகிறது. சி-யைக் கண்டவுடன் ஏழாம் ஸ்வரம் சேர்ந்துவிட்டது என்று V7 எழுதிவிடுகிறார்கள். அந்த ஓட்டம் கேடன்ஸ் முடிந்த பிறகு வருவது, மெட்டின் தொடக்கத்துக்குத் திரும்பக் கூட்டிப்போகிற வேலை. V7 நிற்க விடாது, தள்ளும். ஆகவே வாக்கியம் நின்ற இடத்தில் எழுத வேண்டியது வெறும் V.

16ஆம் பாரின் பெர்ஃபெக்ட் கேடன்ஸை யாரும் தவறவிடுவதில்லை, ஆனால் அதற்கு முந்தைய பாரைத் தவறவிடாதவர் குறைவு. 15இல் கீழே சி, டி, கீழ் டி. மேலே ஏ, பிறகு பி, ஏ, ஜி, எஃப் ஷார்ப். முதல் தட்டை ii6 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் தட்டில் டி மேல் விழுவது பி, மூன்றாவதில் ஜி. டி, பி, ஜி என்று சேர்த்துப் பார்த்து I என்று எழுதினால் கேடன்ஸ் குழம்பிப்போகும். பி உடனே ஏ-க்கு இறங்குகிறது, ஜி உடனே எஃப் ஷார்ப்புக்கு இறங்குகிறது. இரண்டும் V-யின் ஸ்வரங்கள் மீது சாய்ந்து நின்றவை. நான்கு குரலில் எழுதியிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கியிருக்கும். இங்கே ஒரே குரல் இருப்பதால் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகிறது. எனவே இரண்டு தட்டும் V தான். அதற்குள் ஆறு ஐந்தாகிறது, நான்கு மூன்றாகிறது.

இரண்டாம் பாதியில் கர்நாடக சங்கீதம் கற்ற மாணவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. 20ஆம் பாரில் சி ஷார்ப் வருகிறது. ஜி-யை ஷட்ஜமாகப் பிடித்துச் சங்கராபரணமாகக் கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு அது பிரதி மத்யமம், கல்யாணி எட்டிப் பார்த்த மாதிரி. அப்படிக் கேட்பது பிழையில்லை. ஆனால் ஷட்ஜம் நகராது என்ற பழக்கத்தில் அங்கேயே நின்றுவிட்டால், இந்த இடத்தில் நடப்பது தெரியாமல் போகும். 23ஆம் பாரின் கடைசித் தட்டில் கீழே ஏ, மேலே சி ஷார்ப். 24இல் இரண்டும் டி-க்கு வருகின்றன, மேல் டி பார் முழுக்க நிற்கிறது. ஷட்ஜமே டி-க்கு மாறிவிட்டது. அங்கிருந்து பார்த்தால் ஏ பஞ்சமம், சி ஷார்ப் காகலி நிஷாதம்.

சி ஷார்ப் 20ஆம் பாரோடு மறைந்திருந்தால் V-இன் V என்று ஒரு குறிப்போடு விட்டுவிடலாம். நான்கு பார் தொடர்ந்து, புது ஷட்ஜத்தில் பெர்ஃபெக்ட் கேடன்ஸும் விழுந்த பிறகு சுருதி மாற்றம் என்றுதான் எழுத வேண்டும். எந்தப் பாரிலிருந்து? 19ஐ நான் ஏற்பேன். அங்கே கீழே ஈ, ஜி, ஈ. ஈ மைனர் கார்ட். ஜி-க்கு அது vi, டி-க்கு ii. ஒரே கார்டுக்குக் கீழே இரண்டு வரிசையில் இரண்டு எண்ணும் போட்டு, அடுத்த பாரிலிருந்து டி-யின் கணக்கில் தொடர வேண்டும். 24ஆம் பாரின் மூன்றாம் தட்டில் இடது கை ஷார்ப் இல்லாத சி-க்கு வருகிறது, உடனே பழைய ஷட்ஜம் திரும்பிவிடுகிறது.

ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சண்டை வருவது 28ஆம் பாருக்குத்தான். கீழே ஜி-யிலிருந்து டி-க்கு வருகிறது, V. நான்கு பார் வாக்கியம் அங்கே முடிகிறது என்றும், ஆகவே இன்னொரு இம்பெர்ஃபெக்ட் கேடன்ஸ் என்றும் ஒரு கட்சி. 29ஆம் பாரும் அதே V-க்குள்ளேயே டி-யிலிருந்து மேலே ஏறிப்போகிறது, வலது கை எங்கும் நிற்கவில்லை, எனவே கேடன்ஸ் இல்லை என்று மற்றது. பியானோவில் உட்கார்ந்து 28இல் கையை எடுத்துப் பார்க்கச் சொல்வேன். எடுத்துப் பார்த்த பிறகும் இரண்டு கட்சியும் கலைவதில்லை. காரணத்தை ஓரத்தில் ஒரு வரியில் எழுதியிருந்தால் இரண்டுக்கும் முழு மதிப்பெண் போடுகிறேன். காரணம் எழுதாமல் சுருக்கெழுத்து மட்டும் போட்டவர்களுக்குப் பாதி.