இருக்குன்னா இருக்கணும்

ஆனி பிறந்து பத்து நாள். வால்பாறையில் விடிந்ததிலிருந்து மழை. எங்கள் குடைக்கடையை இப்போது பேரன்தான் பார்க்கிறான். வாட்ஸப்பில் போடுவதற்கு நாலு வரி எழுதிக்கொண்டு வந்து, "அப்பாரு, இது எப்படி இருக்குன்னு பாருங்க" என்று நீட்டினான். மழை வானத்தின் முத்தம், நம் குடை உங்கள் நிழல் என்று எழுதியிருந்தான்.

"நல்லாத்தான் இருக்கு கண்ணு. இதைப் படிச்சுட்டு எஸ்டேட்டுல இருந்து ஒரு அம்மா நனைஞ்சுக்கிட்டு கீழ வருமா? வந்தா அந்த அம்மாவுக்கு வேண்டியது நம்மகிட்ட இருக்குதா?" என்று கேட்டேன். அவன் அலமாரியைத் திரும்பிப் பார்த்தான்.

இந்த ஊரில் குடையும் கோட்டும் ஒரே சரக்கு அல்ல. கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இரண்டு கையும் வேண்டும். குடை பிடித்தால் வேலை ஓடாது. என் சின்ன வயதில் சாக்கை மடித்துக் கொங்காடை போட்டுக்கொண்டு காட்டுக்குப் போவார்கள். இப்போது கோட்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் கடைவீதிக்கு வருகிறவர்களுக்கும்தான் குடை. அதிலும் மூன்று மடிப்புக் குடை பைக்குள் அடங்கும். மேட்டுக்காற்று அடித்தால் மல்லாந்துவிடும். நீளக்குடை கொஞ்சம் தாங்கும். ஆகவே "மழைக்கு எல்லாம் உண்டு" என்று எழுதினால் அது எதையுமே சொன்னதாகாது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு கரும்பலகை. பல வருசத்துக்கு முன்னால், காலையில் "பிள்ளைகள் கோட்டு, எல்லா அளவும் உண்டு" என்று சாக்பீஸில் எழுதிவைத்தேன். பதினோரு மணிக்குள் சின்ன அளவு தீர்ந்துபோனது. நான் பலகையை அழிக்கவில்லை. மத்தியானம் ஒரு அம்மா வந்தார். அக்கம்பக்கத்தில் யாரோ படித்துச் சொன்னதை நம்பி, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். "இப்பத்தானுங்க தீர்ந்துச்சு" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையைப் பிழிந்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார், பஸ் போயிருந்தது. எதிர்த்திண்ணையில் அடுத்த பஸ் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அந்தப் பலகையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார்.

"சரிங்க அப்பாரு, 'நாளைக்கு வரும்'னு போட்டுடலாமா?" என்றான் பேரன். சமவெளிக் கடைக்காரன் அப்படிப் போடலாம். நமக்குச் சரக்கு பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும். ஒரு மரம் சாய்ந்தால், ஒரு பக்கம் மண் சரிந்தால் வண்டி ஆழியாறிலேயே நின்றுவிடும். மழை வலுக்க வலுக்கக் கேட்கிறவர்களும் கூடுவார்கள், சரக்கு வரும் வழியும் அடைபடும். அதனால் கடைக்குள் இருப்பது மட்டும்தான் கணக்கு.

இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணினோம். பெரியவர் கோட்டு 30 இருந்தது. அதில் 4 ஏற்கெனவே போனில் சொல்லிவைத்தது. இன்னும் 2-ஐத் தள்ளிவைக்கச் சொன்னேன். பிரித்துப் பார்த்தால் ஒன்றில் தையல் விட்டிருக்கும், ஒன்றில் பித்தான் இருக்காது. தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தையலோரம் ஊசிப்பொட்டாகத் தெரியும், அந்த வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். மீதி 24. அதைத்தான் எழுதலாம்.

அடுத்து, எடுத்துப் போகிற வழி. எஸ்டேட் பஸ்ஸில் வருகிறவருக்குக் கையில் இருப்பது பத்து நிமிசம். அளவு கேட்டு, பிரித்துக் காட்டி, விலை பேசினால் அதுவே ஓடிவிடும். போனிலேயே அளவைக் கேட்டுக்கொண்டு, பேர் எழுதிய பையை வாசல் மேசையில் வைத்துவிட்டால் பணத்தைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம். ஆனால் எடுத்துவைப்பதற்கும் ஒரு வரம்பு வேண்டும். சொல்லிவைத்தவர் வராமல் போனால், வந்து நிற்கிறவர் வெறுங்கையோடு போவார்.

கடைசியில் பேரன் எழுதியது இது:

"இன்று காலை 7 மணிக் கணக்கு. பெரியவர் கோட்டு 24, பிள்ளைகள் கோட்டு 11, நீளக்குடை 18. போனில் அளவும் பேரும் சொல்லுங்க. பை வாசலிலேயே இருக்கும். மாலை 6 மணி வரை எடுத்துவைப்போம்."

படம் வேண்டாம் என்றேன். மழையில் சிக்னல் இழுத்துக்கொண்டு நிற்கும், எழுத்து மட்டும் சட்டென்று போய்ச்சேரும். மத்தியானம் மறுபடி எண்ணி மாற்றினான். மூன்று மணிக்குப் பிள்ளைகள் கோட்டு தீர்ந்தது. நான் சொல்லாமலே போனை எடுத்து, "பிள்ளைகள் கோட்டு இல்லைங்க" என்று போட்டான். அந்த ஒரு வரிக்குத்தான் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.