சென்னை நூலும் நானுஓயாச் சட்டமும்

நானுஓயாத் தோட்டத்து நண்பர் ஒருவர், வாரிசுரிமை பற்றிச் சென்னையில் அச்சான எளிய நூலொன்றை நம்மிடம் காட்டினார். வங்கிக் கணக்கிற்குப் பெயர் குறித்து நியமிக்கப்பட்டவர், பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவர் மட்டுமே என்கிறது நூல். இந்தியாவில் அது சரி, இலங்கையில் அப்படியன்று. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 544ஆம் பிரிவின்படி, மரண சாசனம் வேறு கூறினும் நியமனமே செல்லும். நண்பரோ பத்தாண்டுகளுக்கு முன் தம்பியை நியமித்தவர். இனி அனைத்தையும் மனைவி மக்களுக்கே எழுதி வைத்தாலும் அப்பணம் தம்பிக்கே போகும். வங்கிக்கே சென்று நியமனத்தை மாற்றவேண்டும்.

சாசனமே இல்லையெனில்? யாழ்ப்பாணத்தாரின் தேசவழமை மலையகத் தமிழரைக் கட்டாது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி பாதி மனைவிக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு. அவர் உழைப்பில் உண்ணும் முதிய தாய்க்கு ஒரு சதமுமில்லை! தாய்க்குப் பங்கு வேண்டின் சாசனம் எழுதியாக வேண்டும். நொத்தாரிசும் இரு சாட்சிகளும் போதும். நொத்தாரிசு இல்லையேல் ஐந்து சாட்சிகள். லயத்தில் ஐவரைத் திரட்டுவது எளிதே. ஆனால் ஐவரும் ஒரே வேளையில் கூடியிருந்து கையொப்பமிட வேண்டும். கொழுந்து பறிக்கும் நாளில் அது நடவாது என்று சொல்லி, நண்பர் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டார்.