இரண்டு முறை வந்த சம்பளம்

போன ஆடி மாதம் எங்கள் இளையரசனேந்தல் தெருப் பையன் ஒருவன் பாஸ்புக்கோடு திண்ணைக்கு வந்தான். "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றான். கோவில்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் வேலை. மாதம் 14,000 ரூபாய். சேமநிதிக்கு 1,680, இ.எஸ்.ஐ.க்கு 105 போக 12,215 கைக்கு வரும். முந்தின மாதம் அதே 12,215 அடுத்தடுத்த நாளில் இரண்டு தடவை வரவாகியிருந்தது. பாக்கிப் போனஸ் என்று நினைத்து, உழவுக் கூலிக்கும் உளுந்து விதைக்கும் செலவழித்துவிட்டான். இந்த மாதம் சம்பளமே வரவில்லை. "மொத்தமாப் பிடிச்சாச்சு" என்றார்களாம்.

முதலில் அவனிடம் சொன்னது, பணம் அவனுடையது இல்லை என்பதுதான். தவறு மில்லுடையது என்பதால் அது அவன் பணமாகிவிடாது. கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைச் சரிக்கட்டிக்கொள்ள 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே இடம் கொடுத்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் கொடுக்கிறது.

ஆனால் பிடிக்கும் முறைக்கு வரம்பு உண்டு. ஒரு மாதத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பலரும் கவனிக்காதது, அந்தப் பாதிக்குள் சேமநிதியும் இ.எஸ்.ஐ.யும் அடக்கம் என்பது. 14,000-க்குப் பாதி 7,000. அதில் 1,785 ஏற்கெனவே போய்விடுகிறது. மீதி 5,215 வரைதான் மில் பிடிக்கலாம். ஆக, 12,215-ஐ மூன்று மாதத்துக்குக் குறைத்து வாங்க வழியில்லை.

அதையே ஒரு கடிதமாக எழுதச் சொன்னேன். இன்ன தேதிகளில் இரண்டு வரவு வந்தது, கூடுதல் தொகையை ஒப்புக்கொள்கிறேன், கணக்கை எழுத்தில் தாருங்கள், இந்த மாதம் வரம்பை மீறிப் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாதம் 3,000 வீதம் நான்கு மாதமும், மிச்சம் 215-ஐக் கடைசி மாதமும் பிடித்துக்கொள்ளுங்கள். "இல்லவே இல்லை" என்ற ஒரு வார்த்தை அதில் இருந்திருந்தால், அவன் பக்கத்து நியாயமும் கெட்டிருக்கும்.

அரசு ஊழியர் ஒருவர் வந்திருந்தால் வேறு கேள்வி கேட்டிருப்பேன். சம்பள நிர்ணயத்தில் அலுவலகமே தவறி, வருடக்கணக்காகக் கூடுதலாகக் கொடுத்து வந்ததா? பஞ்சாப் அரசுக்கும் ரபீக் மசீக்கும் இடையிலான வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம், கீழ்நிலை ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமும், ஐந்தாண்டுக்கு மேலாகக் கொடுத்து வந்ததையும் திரும்பப் பிடிக்கக் கூடாது என்றது. ஆனால் கூடுதலானால் திருப்பித் தருகிறேன் என்று சம்பள நிர்ணயத்தின்போதே உறுதிமொழி எழுதிக் கொடுத்தவருக்கு அது பொருந்தாது என்று 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. நிறையப் பேர் படிக்காமல் கையெழுத்திடும் காகிதம் அது.

பையன் இரண்டு பிரதி எழுதினான். ஒன்றில் மில் அலுவலகத்தில் தேதி முத்திரை வாங்கி, பாஸ்புக்குக்குள் மடித்து வைத்திருக்கிறான்.