எழுதியதெல்லாம் நீங்கள்

எங்கள் ஊர்ப் பக்கம் யாராவது ஓய்வு பெற்றால் சட்டம் போட்ட ஒரு வாழ்த்துப்பா கட்டாயம் இருக்கும். மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே வட்டத்துக்குள்ள படம், சுற்றிவரப் பூக்கொடிக் கரை, அடியில் "வாழ்த்தி மகிழும் பாடசாலைச் சமூகத்தினர்". விழாவில் பொன்னாடை போர்த்தி முடிந்ததும் குரல் நல்லா இருக்கிற ஒரு ரீச்சர் அதை ராகம் போட்டு வாசிப்பா. பிறகு அது அந்த வீட்டு முன் விறாந்தைச் சுவரில் தொங்கும்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, இப்ப கலைப்பீடத்தில் தமிழ் படிக்கிறவர்கள். "தமிழ் படிக்கிற பிள்ளையள்தானே" என்று சொல்லி, 2024இல் ஓய்வு பெற்ற கிளாக் சேருக்கான வாழ்த்துப்பாவை எழுதும் வேலையைப் பள்ளிக்கூடம் எங்களிடம் தந்தது. பத்து நாள் தவணை, ஏழு விருத்தம், ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும்.

மாதிரிக்குப் பார்க்கச் சொல்லி அலுவலகத்தில் இருந்த பழைய வாழ்த்துப்பாக்கள் சிலவற்றின் படிகளைத் தந்தார்கள். எல்லாம் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எழுதியவை. எல்லாவற்றிலும் ஒரே ஒழுங்கு: ஊர்ச் சிறப்பு, தாய் தந்தை, படித்த பள்ளிகள், பட்டம், வகித்த பதவிகள், இல்லறம், பிள்ளைகள், கடைசியில் பல்லாண்டு. கல்வெட்டு வாசித்தவர்களுக்கு இந்த ஒழுங்கு பழக்கமாயிருக்கும். செத்த வீட்டின் 31ஆம் நாளுக்கு அச்சடிக்கிற கல்வெட்டிலும் ஊரும் குலமும் கல்வியும் தொழிலும் இப்படித்தான் வரிசையாக வரும். அங்கே திதி வெண்பா இருக்கும், இங்கே வாழ்த்து இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த ஒழுங்குக்குள் கிளாக் சேரை இருத்தப் பார்த்தால் பாதி இடம் வெறுமையாய்க் கிடந்தது. பட்டம் இல்லை. கட்டடம் திறந்து வைத்த கல்லில் பெயர் இல்லை. "இவரிடம் படித்து டொக்டரானவர்" என்று காட்ட ஒருத்தரும் இல்லை. ஏணி, தோணி, மெழுகுவர்த்தி எல்லாம் ஆசிரியருக்கு என்று எழுதி வைத்த உவமைகள். பதவியின் பெயரே இரண்டு தரம் மாறியிருந்தது. 1993இல் அவர் எழுதுவினைஞர், பிறகு முகாமைத்துவ உதவியாளர், ஓய்வு பெறும்போது முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். ஊரில் மட்டும் எப்பவும் கிளாக்கர், எங்களுக்குக் கிளாக் சேர்.

ஆசிரியர்களிடம் கேட்டோம். "நல்ல மனுசன்", "ஒரு சோலிக்கும் போகாதவர்", "அமைதியா இருந்து வேலை செய்வார்" என்றார்கள். எல்லாம் உண்மைதான், ஆனால் ஒரு விருத்தத்தின் முதல் அடிக்கே காணாது. அமைதியாய் இருந்து அவர் என்ன வேலை செய்தார் என்பதைத்தான் நாங்கள் தேட வேண்டியிருந்தது.

அது அவருடைய மேசையில் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை போனபோது அனுமதிப் பதிவேடுகளை எடுத்துக் காட்டினார். அனுமதி இலக்கம், பெயர், பிறந்த திகதி, பெற்றோர் பெயர், விலாசம், சேர்ந்த திகதி, சேர்ந்த வகுப்பு, விலகிய திகதி, விலகிய காரணம் என்று நீளமான கட்டங்கள். ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்குள் வந்ததும் போனதும் ஒரே வரியில் கிடக்கும். விடுகைப் பத்திரம் எழுதுவது இந்த வரியைப் பார்த்துத்தான்.

"ஒராள் வந்து விடுகைப் பத்திரம் கேட்டால் அனுமதி இலக்கம் தெரியாது. எந்த ஆண்டு எண்டும் வடிவாத் தெரியாது. அப்ப என்ன செய்வீங்கள் சேர்?" என்று கேட்டோம்.

அவர் ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார். நாற்பது வயது தாண்டிய அம்மா ஒருவர். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்து, பிறகு பதிவுக் கந்தோரில் தேடியும் பதிவு அகப்படவில்லை. காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்கப் பள்ளிக்கூடத்துச் சான்று தேவைப்பட்டது. தான் படித்த ஆண்டு அவருக்கு நினைவில்லை. ஆனால் தம்பியோடு ஒன்றாய்ப் பள்ளிக்கூடம் வந்தது நினைவிருந்தது. தம்பியின் வயது தெரியும். கிளாக் சேர் தம்பி முதலாம் வகுப்புக்கு வந்திருக்கக்கூடிய ஆண்டைக் கணக்குப் பார்த்து, அந்த ஆண்டுப் பக்கங்களில் தகப்பனின் பெயரைத் தேடினார். தம்பி அகப்பட்டார். அதே தகப்பன் பெயர், அதே விலாசத்தோடு முன் ஆண்டுகளைப் பின்னோக்கிப் புரட்ட அக்காவும் அகப்பட்டார். பேரில் ஒரு எழுத்து வேறு மாதிரி இருந்தது. பதிவேட்டில் உள்ளபடியேதான் பத்திரத்தில் எழுதினாராம். "அதைத் திருத்திறதுக்கு எனக்கு உரிமையில்லை. பதிவில இருக்கிறதைத்தான் நான் எழுதலாம். திருத்தம் வேணுமெண்டால் அதுக்கு வேற வழி இருக்கு, அதையும் சொல்லி விட்டனான்."

அந்தப் பதிவேடு ஏன் இருந்தது என்பது இன்னொரு கதை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அவர் வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுதான். வீட்டுக்குப் போகும் முன்னம் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். இரும்பு அலுமாரியில் இருந்த எல்லாவற்றையும் தூக்க ஏலாது. காசுப் புத்தகமா, பொருட்பதிவேடா, சுயவிபரக் கோவைகளா என்று பார்த்து, மூன்று அனுமதிப் பதிவேடுகளை மட்டும் எடுத்தார். போர்வையால் சுற்றி, உரப்பைக்குள் போட்டு, தோளில் வைத்துக்கொண்டு மழைக்குள்ளால் தென்மராட்சிக்கு நடந்தார். அங்கே வேறொரு பள்ளிக்கூடத்தில் பின்னேர நேரத்தில் எங்கள் பள்ளி நடந்தபோது, வந்து சேர்ந்த பிள்ளைகளை அந்தப் பதிவேட்டில் பார்த்துத்தான் வகுப்புப் பிரித்தார்களாம். 1996இல் திரும்பி வந்தபோது அலுமாரி இருந்த அறைக்குக் கூரை இல்லை.

"ஏன் சேர் அனுமதிப் பதிவேடு?"

"மற்றதெல்லாம் சாமானின்ர கணக்கு. இது பிள்ளையளின்ர கணக்கு."

பதிவேட்டுப் பக்கங்களில் ஒன்றைக் கவனித்தோம். அவர் இருந்த ஆண்டுகளில் எல்லா வரியும் ஒரே கையெழுத்து, சற்று வலப்பக்கம் சரிந்த நீல மை. எங்கள் மூன்று பேரின் வரிகளும் அதே கையெழுத்தில்தான் இருந்தன. வீட்டுக்குப் போய் எங்கள் விடுகைப் பத்திரங்களை எடுத்துப் பார்த்தோம். அதிலும் அதே எழுத்து. ஒப்பம் மட்டும் அதிபருடையது. அவர் இருந்த காலத்தில் ஐந்து அதிபர்கள் மாறியிருக்கிறார்கள். ஐந்து விதமான ஒப்பத்துக்கு மேலே ஒரே எழுத்து. அவருடைய பெயர் எங்கேயும் இல்லை. இருக்கவும் கூடாது, நடைமுறை அதுதான்.

நாங்கள் எழுத வேண்டியது இதுதான் என்று அப்போது முடிவெடுத்தோம். ராகம் போட்டு வாசிக்க வசதியான அறுசீர் விருத்தத்தைத் தெரிந்தோம். விளம், மா, தேமா என்று மூன்று சீர், திரும்பவும் அதே மூன்று. இந்த ஓசைக்குள் அலுவலகச் சொற்கள் இலேசில் வராது. "முகாமைத்துவ" என்பது நிரை நேர் நிரை, அதாவது கனிச்சீர். இதற்குள் கால் வைக்காது. "விடுகைப் பத்திரம்" புளிமாவும் கூவிளமுமாய் இடறும். "பதிவேடு" மட்டும், பின்னால் உயிரெழுத்து வந்தால் உகரம் விழுந்து, "பதிவே டெங்கும்" என்று இரண்டு சீராய் வழிவிட்டது. அது போதும் என்று பட்டது. நாலாவது விருத்தம் இப்படி அமைந்தது:

எழுதிய தெல்லாம் நீங்கள் இட்டகை யெழுத்து வேறாம்
பழுதிலாப் பதிவே டெங்கும் பார்த்தவர் பேரைக் காணார்
பொழிமழை இரவில் தோளில் போர்வையில் பொதிந்து வந்த
பழையநம் பெயர்க ளாலே பள்ளியும் எழுந்த தன்றோ

முதலடியில் "நீங்கள்" என்ற இடத்தில் "நீரே" என்று போட்டாலும் தேமாதான், ஓசை கெடாது. பழைய வாழ்த்துப்பாக்கள் எல்லாம் "நீர்" என்றுதான் அழைத்தன. ஆனால் எங்கள் பேச்சில் "நீர்" என்பது சம வயதுக்காரருக்கும் இளையவருக்கும். கிளாக் சேரைப் பார்த்து அப்படிச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. அதனால் ஏழு விருத்தத்திலும் "நீங்கள்".

பிரச்சினை இரண்டாவது பாதியில் வந்தது. விழாக்குழுவில் இருந்த ஒரு ஆசிரியர், "இட்டகை யெழுத்து வேறாம்" என்பதை எடுக்கச் சொன்னார். பழைய அதிபர்கள் மேடையில் இருப்பார்கள், அவர்களைக் குத்துகிற மாதிரிக் கிடக்குது என்றார். அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. விருந்தாளியாய் வருகிறவர்களை நோகடிக்கிறதுக்கு யாரும் வாழ்த்துப்பா எழுதுவதில்லை. ஆனால் அந்த அரை அடியை எடுத்தால் அடுத்த அடியில் ஏன் பெயரைக் காணார் என்பது விளங்காது. பிறகு அது இன்னொரு "அமைதியான மனிதர்" வாழ்த்துப்பாவாய்ப் போய்விடும். அதிபரிடம் கொண்டுபோனோம். இரண்டு தரம் வாசித்தார். "நான் வைக்கிற கையெழுத்துக்கு மேல அவர் என்ன எழுதியிருக்கிறார் எண்டு நான் ஒருநாளும் திருப்பி வாசிச்சதில்லை. வாசிக்கத் தேவையில்லை எண்டு தெரியும். இது இருக்கட்டும்" என்றார்.

விழாவில் அந்த விருத்தத்தை வாசித்தபோது முன்வரிசையில் இருந்த பழைய அதிபர் ஒருவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கிளாக் சேர் குனிந்தபடி இருந்தார். சட்டத்தைக் கையில் கொடுத்ததும் அவர் முதலில் பார்த்தது பாட்டை இல்லை, கீழே அடைப்புக்குள் போட்டிருந்த முதல் நியமனத் திகதியை. "சரியாத்தான் போட்டிருக்கிறியள்" என்றார்.

ஓய்வுக்கு முந்திய கிழமை அவர் செய்த கடைசி வேலைகளில் ஒன்று தன்னுடைய சுயவிபரக் கோவையை ஒழுங்குபடுத்தி, தாள்களுக்கு இலக்கமிட்டு, வலயத்துக்கு அனுப்ப ஆயத்தப்படுத்தியது. நியமனக் கடிதம், இடமாற்றங்கள், சம்பள ஏற்றங்கள், விடுமுறைகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. உரப்பையும் மழையும் தம்பியை வைத்து அக்காவைக் கண்டுபிடித்ததும் அதற்குள் இல்லை. அவை அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பக்கத்தின் அடியில் எங்கள் மூன்று பேரின் பெயரும் இல்லை, வழமைபோலப் "பாடசாலைச் சமூகத்தினர்" என்றுதான் அச்சடித்தார்கள்.

அன்று பின்னேரம் அதிபர் சம்பவத் திரட்டுப் புத்தகத்தை எடுத்துப் பதிவு போட்டார். அந்தப் பதிவில் கிளாக் சேரின் முழுப்பெயரும் இருந்தது. எழுத்து அதிபருடையது.