சுமை கேட்கும் எலும்பு

எலும்பை உயிரற்ற தூண் என்றே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். உண்மையில் அஃது இடையறாது இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வரும் உயிருள்ள கட்டடம். பழைய எலும்பை அரிக்கும் அணுக்கள் ஒருபுறம்; புதிய எலும்பைப் படியவைக்கும் அணுக்கள் மறுபுறம். எங்கே கட்டுவது, எங்கே இடிப்பது என்பதைப் பெரிதும் முடிவு செய்வது சுமையே. ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் உல்ஃப் 1892-இல் இக்கருத்தை நூலாக வெளியிட்டார். இளமை முதல் டென்னிஸ் ஆடுவோரின் மட்டை பிடிக்கும் கையெலும்பு மற்றக் கையினதைவிடத் தடித்திருப்பது இதற்குச் சான்று.

சுமையை எலும்பு எவ்வாறு அறிகிறது? அதனுள்ளே சிறு குழிகளில் வாழும் அணுக்கள் நுண்ணிய கால்வாய்கள் வழியே ஒன்றோடொன்று கைகோத்துள்ளன. நாம் அடியெடுத்து வைக்கும்தோறும் எலும்பு கண்ணுக்குப் புலப்படாத அளவில் வளைகிறது. கால்வாய் நீர் அசைகிறது. அவ்வசைவை அணுக்கள் உணர்கின்றன. உணர்ந்ததும், ஸ்கிளிரோஸ்டின் என்னும் புரதம் சுரப்பதைக் குறைக்கின்றன. அப்புரதம் கட்டும் அணுக்களுக்கு இடப்படும் தடையாகும். சுமை நீங்கின் தடை மிகும்; அரிக்கும் அணுக்களுக்கோ அழைப்பு போகும். நீரை அசைப்பது மாறி மாறி வரும் சுமையே ஆதலின், அசையாது கிடக்கும் சுமையால் பயன் குறைவு.

எம் அன்னையார் கால் முறிந்து சில திங்கள் படுக்கையில் இருந்தார். கட்டுப் பிரித்த நாளில் அக்காலின் தசை மெலிந்திருக்கக் கண்டோம். எலும்பும் மெலிந்திருக்கும் என்பதை மருத்துவர் சொல்லியே அறிந்தோம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அன்றிச் சாதாரண எக்ஸ்ரே படத்தில் அது தெளிவாகத் தெரியாதாம். வலி தணிந்தவுடன் அவரை எழுந்து நிற்கச் செய்ததன் காரணம் அப்போது விளங்கிற்று.

படுக்கை செய்வதை விண்வெளி இன்னும் விரைவாகச் செய்கிறது. விண்கலத்தில் மிதப்பவரின் இடுப்பெலும்பு திங்களுக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை அடர்த்தி இழக்கும். மாதவிடாய் நின்ற பெண்டிர் ஓராண்டில் இழப்பதற்கு இஃது ஏறக்குறைய ஒப்பாகும். கரைந்த கால்சியம் சிறுநீரில் மிகுவதால் சிறுநீரகக் கல்லும் தோன்றலாம். சுமை தாங்காத மண்டையோடோ தேய்வதில்லை. தேய்வது நிற்பதற்கும் நடப்பதற்கும் உரிய எலும்புகளே.

அங்கே இரும்புக் குண்டுக்கும் எடை இல்லை. ஆகவே 2008-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்கு அனுப்பப்பட்ட பயிற்சிக் கருவியில், வெற்றிட உருளைகளின் இழுவிசை சுமையாக அமைக்கப்பட்டது. சுமார் 270 கிலோ வரை அது எதிர்ப்புத் தரும். முன்னிருந்த கருவி அதில் பாதியே தந்தது. இழப்பை அதனால் தடுக்க இயலவில்லை. புதியதில் கடுமையாகப் பயின்றோர், போதிய உணவும் கொண்டபோது, அடர்த்தியைப் பெரும்பாலும் காத்துக்கொண்டனர். எனினும் அரிப்பு நிற்கவில்லை. கட்டுதல் அதற்கு ஈடுகொடுத்தது, அவ்வளவே.

மண்ணுக்குத் திரும்பியபின் இழந்தது மீளுமா? ஆறு திங்களில் போனது மீள ஆண்டுகள் ஆகும். முழுதும் மீளாதாரும் உளர். எலும்பின் உட்புறம் வலைபோல் பின்னிய நுண்சட்டங்களால் ஆனது. மெலிந்த சட்டம் மீண்டும் தடிக்கும். அறுந்த சட்டத்தின் இடைவெளியிலோ புதிய எலும்பு படியப் பரப்பே இல்லை. எனவே, படுத்தவரை எப்போது எழுப்புவது என்னும் வினாவில், சட்டம் அறுமுன் எழுப்புவது என்பதே விடையின் பெரும்பகுதி.