வரிக்கு வரி கொஞ்சம் இடம்

பி.காம். படித்தவன் என்பதில் எனக்கு ஒரு மிதப்பு உண்டு. பத்திரிகை வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், பற்று - வரவு மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதனால்தான் திண்டுக்கல்லில் இருக்கிற அக்கா, "தம்பி, பையனுக்கு பிளஸ் ஒன் அரையாண்டு வருது. அக்கவுன்டன்சி மட்டும் கொஞ்சம் சொல்லிக்குடேன்" என்று போன் செய்ததும், மார்தட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வெறும் கையோடு போகவில்லை. முதல் பாடம் முழுவதையும் நானே டைப் அடித்து, நாலே பக்கத்தில் அடக்கி, பிரின்ட் எடுத்துப் போயிருந்தேன். பொடி எழுத்து. இரண்டு ஓரமும் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். காகிதத்தில் ஒரு அங்குலம்கூட வீணாக்கவில்லை என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை!

நாகல் நகர் வீட்டில் மருமகன் அதைக் கையில் வாங்கி வாசிக்க ஆரம்பித்தான். இரண்டாவது வரி முடிந்ததும் நான்காவதுக்குப் போனான். 'வரவு' என்பதை 'வர' என்றான். 'பெறுபவர்' வந்ததும் நின்றுவிட்டான். நான்கு நிமிடத்தில் அரைப் பக்கம் தாண்டவில்லை.

"டேய் மாப்ள, புத்தி எங்கடா மேயுது?" என்றேன்.

பையன் தாளைக் கீழே வைத்தான். "மாமா, நீங்க வாயால கேளுங்க. நான் சொல்றேன்."

"சரி. உங்கப்பா பட்டறைக்கு ரொக்கம் குடுத்து ஒரு டிரில்லிங் மெஷின் வாங்குறாரு. எது பற்று, எது வரவு?"

"மெஷின் உள்ள வருது, அது பற்று. ரொக்கம் வெளிய போகுது, அது வரவு."

பட்டென்று வந்தது பதில். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவனுக்குப் பாடம் தெரிகிறது. குறுக்கே நின்றது என் நாலு பக்கம்தான்!

எட்டாம் வகுப்பிலேயே அவனைப் பரிசோதித்து டிஸ்லெக்சியா என்று சொல்லியிருந்தார்கள். அக்கா என்னிடம் சொல்லவும் செய்தாள். 2007-ல் வந்த 'தாரே ஜமீன் பர்' பார்த்துவிட்டுக் கர்சீப்பை நனைத்தவன்தான் நானும். ஆனால், படத்தில் பார்த்தால் அழத் தெரிந்த எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் திட்டத்தான் தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே இரண்டு பேரும் ஒரு டி.டி.பி. கடைக்குப் போனோம். நாலு பக்கத்தைப் பிரித்துப் போட்டு, அவனுக்கு எது இடிக்கிறது என்று அவனையே கேட்டோம்.

முதலில் இடைவெளி. ஆங்கிலத்துக்கு ஒன்றரை வரி இடைவெளி போதும் என்பார்கள். தமிழ் கொஞ்சம் தாராளம் கேட்கும். நம் எழுத்துக்கு மேலே புள்ளி, கொக்கி. கீழே சுழி, கால். வரிகள் நெருங்கினால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். 'வரவு' அவனுக்கு 'வர' ஆனதில் இந்த நெரிசலுக்கும் பங்கு உண்டு. பதினோரு பாயின்ட்டை பதினாலு ஆக்கினோம். ஒன்றரை வரிக்கும் சற்று கூடவே இடம் விட்டோம்.

எழுத்துக்கு எழுத்தும் இடம் விடலாம். 2012-ல் இத்தாலி, பிரான்ஸ் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. எழுத்துகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி அச்சடித்துக் கொடுத்தார்கள். வேறு பயிற்சியே இல்லை. டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளின் வேகம் 20 சதவிகிதத்துக்கு மேல் கூடியது. பிழைகள் பாதியாகக் குறைந்தன. அதையே நாங்களும் செய்தோம். வந்தது வினை! கடையில் இருந்தது பழைய தமிழ் எழுத்துரு. அதில் கொம்பு தனி, எழுத்து தனி. இடைவெளியைக் கூட்டியதும் 'பெறுபவர்' என்பதன் கொம்பு தன் 'ப'வை விட்டு ஒதுங்கி, முன்னால் இருந்த சொல்லோடு ஒட்டிக்கொண்டது. உடனே அதைக் கைவிட்டு, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் மட்டும் இரண்டு மடங்கு இடம் விட்டோம். நீங்கள் செய்யும்போது ஒரு பக்கம் பிரின்ட் எடுத்து, கொம்புகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அடுத்தது வரி. இரண்டு ஓரமும் நேராக வரவேண்டும் என்பதற்காக, தமிழில் ஒரு சொல்லை எங்கே வேண்டுமானாலும் வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளுகிறோம். 'கொடுப்' இங்கே, 'பவர்' அங்கே! திக்கித் திக்கி ஒரு சொல்லைப் பிடிக்கிற பிள்ளைக்கு அது பாதியில் கழன்ற படிக்கட்டு. இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும், வலது ஓரம் எப்படியும் போகட்டும் என்று விட்டோம். வரிக்கு நாலைந்து சொல். சொல் முடிகிற இடத்தில்தான் வரி முடிய வேண்டும்.

தலைப்புகளையும் மாற்றினோம். நான் வைத்திருந்தது, 'இரட்டைப் பதிவு முறையின் கீழ் கணக்குகளின் வகைப்பாடும் விதிகளும்'. அதை வாசித்து முடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் அந்தப் பக்கம் இப்படி ஆனது:

எது பற்று? எது வரவு?

ஆள் கணக்கு
வாங்குபவர் – பற்று
கொடுப்பவர் – வரவு

சொத்துக் கணக்கு
உள்ளே வருவது – பற்று
வெளியே போவது – வரவு

செலவு, வருமானம்
செலவும் நஷ்டமும் – பற்று
வருமானமும் லாபமும் – வரவு

பரீட்சையில் மூன்றாவதை 'பெயரளவுக் கணக்கு' என்றுதான் எழுத வேண்டும். அந்தப் பெயரைப் பக்கத்தின் அடியில் தனி வரியில் போட்டோம். முதலில் விஷயம் புரியட்டும், பட்டப்பெயர் பிறகு.

நிறத்தில்தான் எனக்கும் அவனுக்கும் சண்டை. அவனுடைய பழைய நோட்டு ஐந்து ஸ்கெட்ச் பேனாவில் மாரியம்மன் கோயில் பந்தல் மாதிரி ஜொலித்தது. "எதுக்குடா இங்க பச்சை?" என்றால், "அழகா இருந்துச்சு மாமா!" ஒரு நிறத்துக்கு ஓர் அர்த்தம் என்று முடிவானது. பற்று நீலம், வரவு ஆரஞ்சு. மற்றதெல்லாம் கறுப்பு. சிவப்பும் பச்சையும் சிலர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் என்பதால் அந்த ஜோடி வேண்டாம். அடிக்கோடும் வேண்டாம், அது 'வு', 'டு' இவற்றின் காலை மிதிக்கும். முக்கியமான சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டால் போதும்.

பளீர் வெள்ளைக்குப் பதில் சந்தன நிறத் தாள் வாங்கினோம். கண் கூசவில்லை என்றான். அவ்வளவுதான் அதன் வேலை. கலர் தாளும் கலர் கண்ணாடியும் டிஸ்லெக்சியாவைச் சரியாக்கும் என்று யாராவது விற்றால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். சிக்கல் கண்ணில் இல்லை, எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கென்றே தனி எழுத்துருக்கள்கூட வந்தன. அதில் ஒன்றை 2016-ல் சோதித்தார்கள். சாதாரண ஏரியல் எழுத்துக்கும் அதே இடைவெளி கொடுத்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தது!

மறுநாள் காலை பழைய தாளில் ஒரு பத்தி, புதுத் தாளில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன். வரி தாவினால் நான் ஒரு புள்ளி வைப்பேன். பழையதில் ஆறு புள்ளி. புதியதில் ஒன்று. உங்கள் வீட்டிலும் இப்படி எண்ணிப் பாருங்கள். புள்ளி குறையவில்லை என்றால், மாற்றியது அந்தப் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். வேறு மாதிரி செய்ய வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. என் நாலு பக்கம் இப்போது பதினொன்று. தாள் செலவு கூடும். இது வாசிக்கக் கற்றுத்தரும் வைத்தியமும் அல்ல. அதற்குச் சிறப்பு ஆசிரியர் வேண்டும். பரீட்சை ஹாலில் வினாத்தாள் பொடி எழுத்தில்தான் வரும். அதற்காகத்தான் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. சான்றிதழ் வாங்க வெட்கப்படாதீர்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

போன வாரம் இரண்டாம் பாடத்துக்கு நோட்ஸ் அனுப்பினேன். ராத்திரியே போன்.

"மாமா, மூணாவது பக்கத்துல ஒரு வரி நீளமா இருக்கு. நான் ஒடைச்சுக்கிட்டேன்."

"எங்கடா ஒடைச்ச?"

"சொல் முடியுற இடத்துலதான்!"